ஒரு தட்டு மைசூர்பாகு: 1:2:1, 1:2:2, 1:2:3 ஆகியவற்றில் எந்த எடைக்கணக்கு?

மேலூரில் இருக்கும் என் மதினி தம் மகளின் வளைகாப்புக்கு வீட்டிலேயே மைசூர்பாகு கிளறுவதென்று முடிவு செய்துவிட்டு, தொலைபேசியில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மாவு ஒண்ணுன்னா சீனி ரெண்டுங்கிறதுல எல்லாரும் ஒத்துப் போறாக. நெய்யத்தான் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்றாக. எங்க அம்மா மூணு ஊத்துங்கிறாக, சின்னவ ஒண்ணே போதுங்கிறா. நீ ஒரு முடிவாச் சொல்லு." வளைகாப்பு சித்திரை மாதத்தில். வேண்டியது 2 தட்டு. தட்டுக்கு 48 வில்லை வர வேண்டும். செலவும் மட்டாக இருக்க வேண்டும்.

இதே இடத்தில் தயங்கி நிற்பவர்கள் பலர் என்பதால், மதினிக்குச் சொன்ன பதிலை முழுமையாக எழுதி வைக்கிறேன். மூன்று கணக்குகளிலும் நான் பல முறை கிளறியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தட்டை நிறுத்துக் குறித்து வைத்திருக்கிறேன். கீழே வரும் எடைகள் அந்தக் குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை. மதுரைப் பக்கத்து வழக்கப்படி வெள்ளைச் சர்க்கரையைச் சீனி என்றே எழுதுகிறேன்.

டம்ளரை விட்டுத் தராசுக்கு வருதல்

ஒப்பிடத் தொடங்குமுன் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். 1:2:2 என்று ஒருவர் சொல்லும்போது அது எடையா, டம்ளர் அளவா என்பதைக் கேட்டுக்கொள்ளாவிட்டால் எல்லாமே தவறிவிடும். 240 மி.லி. பிடிக்கும் ஒரு கோப்பையில் சலித்த கடலை மாவைத் தளர்வாக நிரப்பினால் ஏறக்குறைய 100 கிராம்தான் இருக்கும். அதே கோப்பைச் சீனி 200 கிராமும், உருக்கிய நெய் 215 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகவும் நிற்கும். ஆகவே டம்ளரில் ஒன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று அளப்பவர், தாம் அறியாமலே எடையில் 1:2:2 கிளறுகிறார். டம்ளரில் 1:2:2 அளப்பவரோ எடையில் மாவைப் போல நான்கு மடங்குச் சீனியும் நான்கு மடங்குக்கு மேல் நெய்யும் ஊற்றிவிட்டு, தட்டில் குளமாக நிற்கும் நெய்யை வடிக்க வழி தேடுகிறார். போதாக்குறைக்கு, மாவை அழுத்தி நிரப்பினால் அதே கோப்பையில் மேலும் 20, 30 கிராம் ஏறிவிடும். இந்தக் கட்டுரையில் வரும் விகிதங்கள் அனைத்தும் எடை விகிதங்களே.

நெய்யிலும் இப்படி ஒரு கண்ணி இருக்கிறது. கடையில் அது பெரும்பாலும் லிட்டர் கணக்கில் கிடைக்கிறது. ஒரு லிட்டர் நெய்யின் எடை ஏறக்குறைய 910 கிராம்தான். அரை லிட்டர்ப் பொட்டலத்தை அரைக் கிலோ என்று எண்ணி ஊற்றுபவருக்கு 45 கிராம் குறைகிறது.

எதை வைத்து எடை போடுவது

மதினியின் தேவையை ஒட்டி நான் நான்கு செய்திகளை மட்டும் அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். தட்டை நிரப்ப எவ்வளவு நெய் செல்கிறது என்பது முதலாவது. வாயில் வைத்தால் அது மொறுமொறுவென்று உடைகிறதா, கரைகிறதா, கடிக்க வேண்டியிருக்கிறதா என்பது இரண்டாவது. சித்திரை வெயிலிலும் ஐப்பசி ஈரத்திலும் எப்படித் தாங்குகிறது என்பது மூன்றாவது. அடுப்பிலிருந்து இறக்கும் பதம் எவ்வளவு நேரம் நமக்காகக் காத்திருக்கிறது, அதாவது தவறு செய்ய எவ்வளவு இடம் தருகிறது என்பது நான்காவது. விகிதத்தைக் கேட்பவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டை மட்டுமே கேட்கிறார்கள். வீணாகிப் போன தட்டுகளில் பெரும்பாலானவை நான்காவதால் வீணானவை.

தட்டின் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு ஒரு தட்டு: நீளம் 30 செ.மீ., அகலம் 20 செ.மீ., நிரப்பும் உயரம் 2.5 செ.மீ. மூன்றையும் பெருக்கினால் 1500 மி.லி. வட்டத் தட்டாகவோ, விளிம்பு சரிந்த தட்டாகவோ இருந்தால் பெருக்கிப் பார்க்கவே வேண்டாம். தட்டைத் தராசில் வைத்து, வேண்டிய உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, எடையைப் பார்த்தால் போதும். ஒரு கிராம் ஒரு மி.லி. என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு தட்டை ஈரமில்லாமல் துடைத்துக் காயவைத்துவிட வேண்டும்.

என் குறிப்பேட்டின்படி, தட்டின் ஒவ்வொரு 100 மி.லி. கொள்ளளவுக்கும் 1:2:1 கணக்கில் 30 கிராம் கடலை மாவும், 1:2:2, 1:2:3 ஆகிய இரண்டிலும் 18 கிராம் கடலை மாவும் வேண்டியிருக்கின்றன. மாவின் எடை தெரிந்துவிட்டால் மற்ற இரண்டும் விகிதத்திலிருந்து தாமே வந்துவிடும். சட்டியில் ஒட்டிக்கொள்வதும் பாகில் எஞ்சி நிற்கும் நீரும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் அவற்றுக்கென்று தனியாக எதையும் கூட்ட வேண்டியதில்லை.

செலவை ஒப்பிடுவதற்காக நெய் கிலோ 700 ரூபாய், கடலை மாவு 100 ரூபாய், சீனி 45 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒப்பீட்டின் போக்கு பெரிதும் மாறாது.

| 1500 மி.லி. தட்டு, 48 வில்லை | 1:2:1 | 1:2:2 | 1:2:3 |
|---|---|---|---|
| கடலை மாவு | 450 கிராம் | 270 கிராம் | 270 கிராம் |
| சீனி | 900 கிராம் | 540 கிராம் | 540 கிராம் |
| நெய் | 450 கிராம் | 540 கிராம் | 810 கிராம் |
| மொத்த எடை | 1800 கிராம் | 1350 கிராம் | 1620 கிராம் |
| தட்டுக்குச் செலவு | 400 ரூபாய் | 429 ரூபாய் | 618 ரூபாய் |
| கிலோவுக்குச் செலவு | 222 ரூபாய் | 318 ரூபாய் | 382 ரூபாய் |
| ஒரு வில்லையில் சீனி | 19 கிராம் | 11 கிராம் | 11 கிராம் |
| கடித்தால் | கெட்டி, சீனி தூக்கல் | மொறுமொறுப்பு, துளைகள் | குழைந்து கரையும் |

இந்த அட்டவணையில் மதினியைத் திகைக்க வைத்தது நெய் வரிசை. "நெய்யில் பாதி மிச்சம்" என்று நம்பித்தான் அவருடைய சின்ன மகள் 1:2:1 கணக்கைச் சொல்லியிருந்தாள். கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது: ஒரு கிலோ 1:2:1 பாகில் 250 கிராம் நெய்யும், 1:2:2 பாகில் 400 கிராம் நெய்யும் இருக்கின்றன. ஆனால் வளைகாப்புக்கு வருகிறவர் கையில் கொடுப்பது கிலோ அன்று, வில்லை. வில்லைக்குக் கணக்குப் பார்க்கும்போது, அதாவது ஒரே அளவுத் தட்டை நிரப்பும்போது, முன்னதில் மிச்சமாகும் நெய் வெறும் 90 கிராம். அதற்கு ஈடாக 180 கிராம் மாவும் 360 கிராம் சீனியும் கூடுதலாகச் செல்கின்றன. தட்டுக்கு 29 ரூபாய், வில்லைக்கு ஏறக்குறைய 60 காசு. அந்த 60 காசுக்காக நாக்கு பொறுக்க வேண்டிய சீனி 8 கிராம்.

இதற்குக் காரணம் காற்று. நன்றாகப் பூத்த 1:2:2 தட்டின் கொள்ளளவில் ஏறக்குறைய கால் பங்கு வெறும் துளைதான். 1:2:3 பாகில் அந்தத் துளைகள் இருக்க வேண்டிய இடத்தை நெய் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் இரண்டுக்கும் மாவும் சீனியும் ஒரே அளவாக இருக்க, நெய் மட்டும் 270 கிராம் கூடுகிறது. 1:2:1 பாகிலோ துளைக்கும் இடமில்லை, நெய்க்கும் இடமில்லை. மாவும் சீனியும் நெருங்கி உட்கார்ந்துகொள்கின்றன.

1:2:1

நெய் குறைவு என்பது சுவையை மட்டும் பாதிக்கும் செய்தி அன்று. மைசூர்பாகில் கடலை மாவு வேகும் இடம் நெய்தான். பாகின் நீரில் அது நனைகிறது, நெய்யில்தான் பொரிகிறது. மாவின் ஒவ்வொரு துகளையும் சூழ நெய் போதாவிட்டால் பச்சை வாசனை நின்றுவிடும். எனவே இந்தக் கணக்கில் கிளறுகிறவர்கள் மாவை முன்கூட்டியே இளந்தீயில் வறுத்தாக வேண்டும். நிறம் மாறக் கூடாது, வாசனை மட்டும் எழ வேண்டும். வறுத்ததைச் சலித்து, எடுத்து வைத்த நெய்யில் பாதியை ஊற்றிக் கட்டியில்லாமல் குழைத்துக்கொண்டு, அந்தக் குழைவைத்தான் பாகில் சேர்க்க வேண்டும். மாவைத் தனியாகப் பாகில் தூவினால் விழும் கட்டிகளை உடைக்கப் போதிய நெய் பிறகு வராது.

இதன் பெரிய இடர் நேரம். சீனி மொத்தத்தில் சரிபாதியாக இருப்பதால், நீர் வற்றியதும் அது மிக விரைவாகப் பூத்துவிடுகிறது. சட்டியின் ஓரத்தில் வெண்மையாகப் பொடி தோன்றுவதைக் கண்ட பிறகு தட்டைத் தேடினால் கையில் கிடைப்பது மைசூர்பாகு அன்று, இனிப்பு மாவு. தட்டில் கொட்டியவுடன், சூட்டோடு சூடாகக் கத்தி போட்டாக வேண்டும். 5 நிமிடம் தாமதித்தால் வில்லை நேராக வெட்டுப்படாமல் நொறுங்கும். அப்படி நொறுங்கிய துண்டுகளை நானும் எடுத்து வைத்திருக்கிறேன். மாவின் எடையில் கால் பங்குத் தண்ணீர் தெளித்து, மீண்டும் இளந்தீயில் ஓரம் விட்டு வரும் வரை கிளறித் தட்டினால் பர்பி போல ஒன்று கிடைக்கும். வீட்டில் தின்னலாம், விருந்தினர் முன் வைக்க மாட்டேன்.

இந்தக் கணக்கே சிறந்தது என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. எடை போட்டு விற்பவர்களுக்கு, கிலோவின் அடக்கவிலை இதில்தான் குறைகிறது. வெளியூருக்குப் பேருந்தில் பெட்டியாக அனுப்பும்போது, அதுவும் வெயில் காலத்தில், எண்ணெய்க் கசிவில்லாமல் முனை மழுங்காமல் போய்ச் சேர்வது இதுதான். விடுதியில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு பெரிய டப்பாவில் கொடுத்தனுப்ப நான் இதைத்தான் கிளறுவேன்.

1:2:2

தேன்கூடு போன்ற துளையும், ஓரம் மஞ்சளாக, நடு இளம் பழுப்பாக இருக்கும் நிறமும் இந்தக் கணக்குக்கு உரியவை. ஆனால் விகிதம் மட்டும் அவற்றைத் தந்துவிடாது. இதே எடைகளை வைத்துக்கொண்டு வெதுவெதுப்பான நெய்யை ஊற்றினால் ஒரு துளைகூட வராமல் வழவழவென்று நிற்கும். துளை விழுவது நெய்யின் சூட்டால். பாகும் மாவும் கலந்த குழம்பில் இன்னும் நீர் இருக்கும்போது, புகைக்குச் சற்று முந்தைய சூட்டில் கொதிக்கும் நெய் அதன்மேல் விழுந்தால், அந்த நீர் ஒரே கணத்தில் ஆவியாகி வெளியேறத் துடிக்கிறது. அது உண்டாக்கிய வழிகளைச் சுற்றி மாவு வெந்து, சீனி இறுகி, வழிகள் அப்படியே நிலைத்துவிடுகின்றன. ஆகவே இதற்கு இரண்டு அடுப்பு வேண்டும். ஒன்றில் பாகு, இன்னொன்றில் நெய் கடைசி வரை சூடு குறையாமல் இருக்க வேண்டும்.

270 கிராம் கணக்கின் செய்முறை இது. கடலை மாவை இரண்டு முறை சலித்துக்கொள்ளவும். 540 கிராம் நெய்யில் 100 கிராமை எடுத்து மாவில் ஊற்றித் தளரக் குழைத்துக்கொள்ளவும். 4 அல்லது 5 லிட்டர் பிடிக்கும் அடிகனமான சட்டியில் 540 கிராம் சீனிக்கு 180 மி.லி. தண்ணீர் ஊற்றி, ஒற்றைக் கம்பிப் பதம் வரும் வரை காய்ச்சவும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு அது ஏறக்குறைய 105 டிகிரி செல்சியஸ். குழைத்த மாவைச் சேர்த்து, கட்டி தட்டாமல் கிளறி, குழம்பு கொப்புளமிடத் தொடங்கியதும் கொதிக்கும் நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றவும். ஒவ்வொரு கரண்டிக்கும் குழம்பு "சொர்ர்" என்று பொங்கி அடங்க வேண்டும். ஓசை எழாவிட்டால் நெய் ஆறிவிட்டது என்று பொருள். அடுத்த கரண்டிக்கு முன் அந்த அடுப்பைத் தூண்டிவிட வேண்டும். ஊற்றிய நெய் உள்ளே போன பிறகே அடுத்த கரண்டி.

கடைசி இரண்டு கரண்டியின்போது மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து வரும். குழம்பு நுரைத்து, சட்டியின் பாதிக்கு மேல் ஏறும். நிறம் வெளிர் மஞ்சளிலிருந்து பொன்னிறத்துக்குத் திரும்பும். ஓரத்தில் நெய் பிரிந்து நிற்கும். மூன்றாவதைக் கண்டதும் ஒரு நிமிடத்துக்குள் தட்டில் கொட்டிவிட வேண்டும். கொட்டிய பின் கரண்டியால் அழுத்திச் சமன் செய்யக் கூடாது. அழுத்தினால் கிடைத்த துளையெல்லாம் போய்விடும். தட்டை இலேசாக அசைத்தாலே மட்டமாகிவிடும். நடுப்பகுதி பழுப்பாவது தட்டுக்குள் தங்கிய சூட்டால்தான். அதனால்தான் நிரப்பும் உயரத்தை 2.5 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன். 4 செ.மீ. வரை நிரப்பியபோது நடுப்பகுதி கருகிக் கசந்ததும், ஒன்றரை செ.மீட்டருக்கு நிரப்பியபோது பழுப்பே வராததும் குறிப்பேட்டில் இருக்கின்றன. ஆனால் தட்டின் விளிம்பு 4 செ.மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். கொட்டும்போது நுரை எழும்.

இதன் மறைமுகச் செலவு, வடியும் நெய். 5 நிமிடம் கழித்து, கத்தி போட்டபின் தட்டை ஒரு பக்கம் சாய்த்து வைத்தால் 40 கிராம் அளவில் நெய் திரளும். அதை வீணென்று கருத வேண்டாம். அடுத்த தட்டின் மாவைக் குழைக்க அதையே எடுத்துக்கொள்ளலாம். ஒரே தட்டுடன் நிறுத்துபவர்கள் அதை ரவா கேசரிக்கு வைத்துக்கொள்ளலாம். சாய்க்காமல் விட்டால் அந்த நெய் அடியில் உறைந்து, கீழ்ப்பக்கம் மட்டும் கனத்து, வில்லை இரண்டு அடுக்காகப் பிரியும்.

1:2:3

இது வேறொரு பண்டம் என்றே கொள்ளலாம். இங்கே துளை தேவையில்லை, குழைவுதான் வேண்டும். ஆகையால் நெய் கொதிக்கக் கூடாது. உருகி, கை பொறுக்காத சூட்டில் இருந்தால் போதும். மாவை முதலில் இளந்தீயில் வறுத்து, ஆறவைத்து, சலித்து, நெய்யில் பாதியுடன் தோசை மாவு பதத்துக்குக் கரைத்துக்கொண்டு, ஒற்றைக் கம்பிப் பாகில் ஊற்றி, தீயைக் கூட்டாமல் கிளறிக்கொண்டே மீதி நெய்யைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். 20 நிமிடத்துக்குக் குறையாமல் கை ஓயாது கிளற வேண்டும். தோள் வலி உள்ளவர்கள் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது.

தவறு செய்ய இது இடம் தருகிறதா என்று கேட்டால், தருகிறது, ஓர் எல்லை வரைக்கும். 1:2:2 பாகில் பதம் ஒரு நிமிடம்தான் காத்திருக்கும். இதில் மூன்று நான்கு நிமிடம் கிடைக்கிறது. குழம்பு சட்டியை விட்டுச் சுருண்டு, கரண்டியோடு ஒரே திரளாகப் புரண்டு, ஓரத்தில் நெய் மினுமினுக்கத் தொடங்கும்போது இறக்கிவிட வேண்டும். இன்னும் சற்று வற்றட்டும் என்று நினைப்பதுதான் இங்கே நேரும் பிழை. நீர் மேலும் வற்றினால் மாவு இறுகி, தான் தாங்கிய நெய்யை வெளியே தள்ளிவிடும். 270 கிராம் கூடுதல் நெய் ஊற்றியும் கிடைப்பது தட்டில் மிதக்கும் ஒரு கெட்டிப் பாகுதான். இந்த இழப்பை நான் இருமுறை கண்டிருக்கிறேன். இரண்டு முறையும் நெய் பிரியத் தொடங்கியதைப் பார்த்த பின்னரும், நிறம் போதவில்லை என்று அடுப்பில் வைத்திருந்ததே காரணம்.

இதை வெட்ட அவசரப்பட வேண்டியதில்லை. தட்டில் ஊற்றி, ஒன்றிரண்டு மணி நேரம் ஆறிய பின் வெட்டினால் நேராக வரும்.

மதுரைப் பக்கத்தில் இதற்கு உண்மையான எதிரி வெயில். பசு நெய் 35 டிகிரியைத் தாண்டும்போது ஏறக்குறைய முழுவதும் உருகிய நிலைக்கு வந்துவிடுகிறது. சித்திரை, வைகாசி நண்பகலில் நம் ஊர் வெயில் அதற்கு மேல் போவது வழக்கம். எடையில் சரிபாதி நெய்யாக உள்ள ஒரு வில்லை அந்தச் சூட்டில் பந்தல் நிழலில் இருந்தாலும் கசியும். அட்டைப் பெட்டியின் அடி நனையும், பட்டுச் சேலையில் கறை படும். ஒவ்வொரு வில்லையையும் நெய்த்தாளில் சுற்றியும், பரிமாறும் வரை குளிர்பெட்டியில் வைத்தும் சமாளிக்கலாம். ஆனால் அந்தத் தாளும், அதைச் சுற்றும் ஆள் நேரமும் செலவுக் கணக்கில் சேர வேண்டியவை. ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். மழைக்காலக் காற்றின் ஈரத்தைச் சீனி இழுத்து, 1:2:2 பாகின் மொறுமொறுப்பு திறந்து வைத்த ஓரிரு நாளில் தளர்ந்துவிடும்; குழைவாகவே பிறந்த 1:2:3 பாகுக்கு அதனால் பெரிய இழப்பு ஏதுமில்லை. வெயிலும் தணிந்திருப்பதால் கசிவும் இராது. தீபாவளிக்கு வீட்டோடு இருந்து தின்பதற்கென்றால் நான் தயங்காமல் இதைத்தான் கிளறுவேன். பல் இல்லாத பெரியவர்களுக்கு எந்த மாதமானாலும் இதுதான்.

நெய்யில் ஒரு பகுதிக்கு எண்ணெய்

செலவைக் குறைக்க நெய்யில் பாதிக்குக் கடலை எண்ணெயோ வேறு எண்ணெயோ கலப்பதுண்டு. 1:2:2 கணக்கில் இது ஓரளவு ஒத்துவரும். நெய்யை விடக் கூடுதல் சூட்டைத் தாங்கும் எண்ணெயானால் துளை இன்னும் எளிதாகவே விழும். ஆனால் ஆறிய பின்னும் எண்ணெய் உறையாது. நெய் உறைந்து வில்லையைப் பிடித்து நிறுத்தும் வேலையை அதனால் செய்ய முடியாது. 1:2:3 பாகில் எண்ணெயைக் கலப்பதை நான் ஏற்கவில்லை. அங்கே வாயில் தெரிவது நெய் மட்டுமே.

இரண்டு தட்டு வேண்டுமென்றால்

எடைகள் இரட்டிக்கும், சட்டி இரட்டிக்காது. 540 கிராம் மாவை ஒரே சட்டியில் போட்டுக் கிளறினால் நுரை விளிம்பைத் தாண்டும். நீர் வற்ற நேரம் கூடும், அதற்குள் அடிப்பகுதி முந்திக்கொண்டு சிவக்கும். முதல் தட்டில் கொட்டி முடிப்பதற்குள் சட்டியில் மீதமிருப்பது இறுகி, இரண்டாவது தட்டு கட்டிகட்டியாக விழும். 1:2:3 கணக்கில் பெரிய உருளி இருந்தால் இரட்டிப்பாகக் கிளறலாம், பதம் காத்திருக்கும். மற்ற இரண்டிலும் ஒரு முறைக்கு ஒரு தட்டு என்பதை மீறாமல் இருப்பதே சிக்கனம். கீழமாசி வீதியில் மொத்தமாக மாவு வாங்கினாலும் முதலில் ஒரு தட்டுக்குச் சலித்துக் கிளறிப் பார்த்துவிட்டு மீதியை எடுங்கள். பருப்பு மாறினால் மாவு நெய்யை வாங்கும் அளவும் சற்று மாறும்.

மதினிக்குச் சொன்னது

சித்திரை வெயில், கையில் எடுத்துக் கொடுக்கும் வில்லை, மட்டான செலவு என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்து, வந்தவர்களுக்கு 1:2:2 கணக்கில் இரண்டு தட்டை இரண்டு முறையாகக் கிளறச் சொன்னேன். வாங்க வேண்டியவை கடலை மாவு 540 கிராம், சீனி 1080 கிராம், நெய் 1080 கிராம். நெய் லிட்டர் கணக்கில் ஏறக்குறைய 1190 மி.லி. என்பதால், ஒரு லிட்டருடன் ஒரு கால் லிட்டரும் சேர்த்து வாங்கினால் தட்டில் தடவவும் மிஞ்சும். முதல் தட்டிலிருந்து வடியும் நெய்யை இரண்டாவது தட்டின் மாவுக்கு வைத்துக்கொள்ளவும் சொன்னேன். 1:2:3 தான் வேண்டும் என்று நின்ற அவருடைய அம்மாவுக்காகத் தனியாக ஒரு சிறு தட்டு: 15 செ.மீ. சதுரம், 2 செ.மீ. உயரம், 450 மி.லி. அதற்கு மாவு 81 கிராம், சீனி 162 கிராம், நெய் 243 கிராம். அந்தத் தட்டை வளைகாப்புக்கு முதல்நாள் மாலையே கிளறி, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

"நெய் சரியாச் சூடா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?" என்று மதினி கடைசியாகக் கேட்டார். குழைத்து வைத்த மாவில் ஒரு பொட்டு எடுத்து நெய்யில் போட்டுப் பாருங்கள் என்றேன். போட்டவுடன் பொங்கி மேலே மிதந்து, பத்து எண்ணுவதற்குள் பொன்னிறமானால் முதல் கரண்டியை ஊற்றலாம். அடியில் படுத்துக் கிடந்தால் இன்னும் இரண்டு நிமிடம் காய வேண்டும்.